மின்னஞ்சலுக்கு அவசரக் குறி எப்போது தேவை? பெரிய எழுத்துகள் இல்லாமல் அவசரத்தைச் சொல்லும் முறை

அவுட்லுக்கில் ஒரு மின்னஞ்சலுக்குச் சிவப்பு ஆச்சரியக்குறி இடுவது ஒரே சொடுக்கில் முடிகிற வேலை. தந்தி இருந்த காலத்தில் அவசரத் தந்திக்குச் சாதாரணத் தந்தியைவிடக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கைக்காசு செலவாகும் என்பதால் கொடுப்பவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவார். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றுபோனது. மின்னஞ்சலில் அவசரம் என்று சொல்ல அனுப்புகிறவருக்கு எந்தச் செலவும் இல்லை. அதன் விலையைக் கவனச் சிதறலாகக் கொடுப்பவர் பெறுகிறவர். ஆகவே, அந்த ஒரு கணம் யோசிப்பதை இப்போது நாமே ஒரு முறையாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த முறையைத் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒரு நிகழ்வை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அந்தக் குறி உண்மையில் என்ன செய்கிறது

முதலில், அந்தச் சிவப்புக் குறி மின்னஞ்சலை வேகமாகக் கொண்டு சேர்ப்பதில்லை. அது மின்னஞ்சலின் தலைப்பகுதியில் ஓரிரு வரிகளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். மூலவடிவத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
Importance: high
X-Priority: 1
```

இவற்றில் முதல் வரி, 1998-இல் வெளியான RFC 2156 என்ற இணைய ஆவணத்தில் விளக்கப்பட்டிருக்கிறது. முக்கியத்துவத்தைக் காட்டுவதற்கு ஒரு வரி, அவசரத்தைக் காட்டுவதற்கு `Priority: urgent` என்ற வேறொரு வரி என்று அந்த ஆவணம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. நாம் அழுத்தும் பொத்தானோ முக்கியத்துவத்தைத்தான் பதிவு செய்கிறது. அதை அவசரம் என்று நாம் நினைத்து அனுப்புகிறோம், பெறுகிறவரும் அப்படியே படிக்கிறார். ஆறு மாதம் கழித்துக் கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தம் மிக முக்கியமானது, ஆனால் அவசரமானதன்று. நாளை காலை ஒன்பது மணிக்கு வரும் லாரிக்கு வாயில் அனுமதிச் சீட்டு சிறிய விஷயம், ஆனால் அவசரமானது. முதலாவதற்குச் சிவப்புக் குறி இடுவதுதான் அலுவலகங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறான பயன்பாடு.

அடுத்து, எதிர்முனையில் அந்தக் குறி தெரியுமா என்பதே நிச்சயமில்லை. அவுட்லுக்கிலிருந்து அவுட்லுக்குக்குப் போனால் தெரியும். தண்டர்பேர்டிலும் ஆப்பிள் மெயிலிலும் முன்னுரிமைக் குறியை இடவும் பார்க்கவும் வசதி உண்டு. ஆனால் ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் எழுதுகிறவருக்கு அப்படி ஒரு பொத்தானே இல்லை. வேறு இடத்திலிருந்து குறியோடு வந்த மின்னஞ்சலும் அங்கே மற்றவற்றைப் போலத்தான் பட்டியலில் நிற்கும். ஜிமெயில் காட்டும் மஞ்சள் அடையாளம், பெறுகிறவரின் பழக்கத்தைப் பார்த்து அந்தச் சேவை தானே இடுவது. அதற்கும் நாம் இட்ட குறிக்கும் தொடர்பில்லை. சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர்களிலும் சிறு நிறுவனங்களிலும் ஜிமெயில் வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால், குறியை மட்டும் நம்பி அனுப்பிய அவசரம் பல நேரங்களில் போய்ச் சேர்வதே இல்லை. அவசரம் சொற்களில் இருந்தாக வேண்டும் என்பதற்கு மரியாதையைத் தாண்டிய முதல் காரணம் இதுதான்.

எடுத்துக்கொள்ளும் நிகழ்வு

தூத்துக்குடியிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குச் சரக்கு போகிறது. பணம் எல்சி மூலம், அதாவது வாங்குகிறவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதத்தின் மூலம், வர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஃபார்வர்டரிடமிருந்து, கப்பல் நிறுவனம் சரக்குக்குத் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் வரைவு வருகிறது. தொழில் பேச்சில் இது பிஎல் டிராஃப்ட். ஆவணப் பிரிவில் இருப்பவர் எல்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பெறுநர் கட்டத்தில், எல்சி வெளியிட்ட வங்கியின் ஆணைக்கு என்று வர வேண்டிய இடத்தில் வாங்குகிறவரின் பெயர் நேரடியாக இருக்கிறது. கப்பல் நிறுவனம் வரைவில் திருத்தம் ஏற்கும் கட்-ஆஃப் புதன் மாலை 3 மணி.

இது திருத்தப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெளிவு. மூலப் பிரதி வெளியான பிறகு திருத்த வேண்டுமென்றால், வெளியிட்ட எல்லா மூலப் பிரதிகளையும் கப்பல் நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து, கட்டணமும் கட்டி, புதிதாக வாங்க வேண்டும். திருத்தாமல் வங்கிக்குப் போனால், எல்சியோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கி குறை எழுதும். வாங்குகிறவர் அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளும் வரை பணம் நிற்கும். சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் அதைப் பேரத்துக்குப் பயன்படுத்துவதும் உண்டு.

இந்த இடத்தில் ஃபார்வர்டருக்குப் போகக்கூடிய மின்னஞ்சல் எப்படி இருக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பொருள் வரியில் `URGENT!!! BL DRAFT` என்று இருக்கும். உள்ளே, வரைவு தவறாக இருக்கிறது, உடனே சரிசெய்து அனுப்பவும் என்று இரண்டு வரிகள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். சிவப்புக் குறியும் இருக்கும். எந்தக் கட்டம் தவறு, சரியான வாசகம் எது, எத்தனை மணிக்குள் வேண்டும் என்ற மூன்றும் இருக்காது.

முதல் படி: பெறுகிறவரின் கடிகாரத்தைப் பார்ப்பது

அவசரமா இல்லையா என்பதை நம் மனப்பதற்றத்தை வைத்து முடிவு செய்தால் எல்லாமே அவசரமாகத்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மின்னஞ்சலைப் பெறுகிறவர் எந்தக் குறியும் இல்லாமல், தன் வழக்கமான வரிசையில், வழக்கமான நேரத்தில் படித்தால் காரியம் கெட்டுப்போகுமா? கெடாது என்றால் குறி தேவையில்லை, விஷயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. கெடும் என்றால் அடுத்த கேள்வி: கெடுவதைத் தடுக்கும் வேலை இவர் கையில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் அவருக்குப் போகும் மின்னஞ்சல் வெறும் தகவல், அவசரம் அன்று.

இதற்குப் பதில் சொல்ல, எதிர்முனையில் இருப்பவரின் வழக்கம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். நம் நிகழ்வில் ஃபார்வர்டரின் ஆவணப் பிரிவு அன்றைய மின்னஞ்சலை அன்று மாலைக்குள் பார்த்துவிடும் பழக்கம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் காலை 11.30-க்கு நாம் எழுதினால், கட்-ஆஃபுக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. சாதாரண வரிசையில் படித்தாலே போதும். ஆகவே செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலுக்குச் சிவப்புக் குறி தேவையில்லை. தெளிவான நேரம் மட்டும் போதும்.

அதே விஷயம் புதன் காலை 9.30-க்கும் பதில் இல்லாமல் இருந்தால் நிலைமை வேறு. அவர் வழக்கம்போல மாலையில் பார்த்தால் கட்-ஆஃப் தாண்டிவிடும். இப்போது குறி பொருத்தமானது. புதன் காலை 11 மணிக்கும் ஒன்றும் வரவில்லை என்றால் மின்னஞ்சலே பொருத்தமற்றது. தொலைபேசியை எடுக்க வேண்டும். பேசி முடித்த பிறகு, பேசியதைப் பதிவுக்காக இரண்டு வரியில் எழுதி அனுப்பலாம், அதற்கும் குறி வேண்டாம். ஒரே பிழைதான், ஒரே இழப்புதான். ஆனால் மூன்று நேரங்களில் மூன்று வழிகள். எஞ்சியிருக்கும் நேரத்துக்கும் அவர் படிக்கும் நேரத்துக்கும் இடையிலுள்ள உறவுதான் இங்கே தீர்மானிப்பது.

நம் பக்கத்திலேயே தாமதம் நேர்ந்து, அதனால் அவசரமாகிப்போன விஷயங்களும் உண்டு. வரைவு திங்கட்கிழமையே வந்து நம் மேசையில் ஒரு நாள் கிடந்திருக்கலாம். அப்போதும் கட்-ஆஃப் நகரப் போவதில்லை என்பதால் குறி இடுவதில் தவறில்லை. ஆனால் தாமதம் எங்கள் பக்கம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்து அவசரத்தை மட்டும் அவர் தலையில் போட்டால், அடுத்த முறை நாம் சொல்லும் நேரத்தை அவர் நம்பமாட்டார்.

இரண்டாம் படி: நேரத்தை உண்மையாகக் குறிப்பது

உடனே, சீக்கிரம், இன்றைக்குள் என்பவை நேரம் அல்ல. இன்று என்று எழுதிய மின்னஞ்சலை அவர் நாளை காலை திறந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடும். கிழமை, தேதி, மணி மூன்றையும் எழுதுவதே நல்லது. வெளிநாட்டுக்குப் போகும் மின்னஞ்சலில் எந்த ஊர் நேரம் என்பதையும் எழுத வேண்டும். கொழும்புக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஹாம்பர்க்குக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம்.

எந்த நேரத்தைக் கொடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்-ஆஃப் 3 மணி என்றால் ஃபார்வர்டருக்கு 3 மணி என்று எழுதினால் போதாது. அவர் திருத்தி நமக்கு அனுப்பி, நாம் பார்த்து ஒப்புக்கொண்டு, அவர் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் பதிவேற்ற வேண்டும். அதனால் பகல் 1 மணி என்று கேட்கிறோம். சிலர் பாதுகாப்புக்காக இதையே காலை 10 மணி என்று சொல்லி வைப்பார்கள். அது இரண்டு மூன்று முறை பலிக்கும். பிறகு, நீங்கள் 10 மணி என்றால் அது 3 மணி என்று எதிர்முனைக்குத் தெரிந்துபோகும். அதற்கப்புறம் உண்மையான 10 மணியைச் சொல்ல உங்களிடம் வழி இருக்காது. இறுதி நேரம் எது, நாம் கேட்கும் நேரம் எது, இடையில் ஏன் இரண்டு மணி நேரம் என்பதை அப்படியே எழுதிவிடுவதே நீண்ட நாள் உறவுக்கு ஏற்றது.

மூன்றாம் படி: பொருள் வரி

கைபேசியில் பொருள் வரியின் முதல் சில சொற்களே தெரியும். அந்த இடத்தை அவசரம் என்ற சொல்லுக்குக் கொடுத்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பதும் எப்போதைக்குள் என்பதும் திரைக்கு வெளியே போய்விடும். ஆகவே செய்ய வேண்டிய வேலை முதலில், நேரம் அடுத்து, அடையாள எண் கடைசியில்:

பிஎல் வரைவில் திருத்தம் தேவை, புதன் 18-ம் தேதி பகல் 1 மணிக்குள் (புக்கிங் எண்)

இதில் அவசரம் என்ற சொல்லே இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை இதைப் பார்க்கும் எவருக்கும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது புரியும். அந்தக் கணக்கை அவரே போட்டுக்கொள்வதால் அதில் யாரும் அதட்டிய உணர்வும் இருக்காது. தேதியை எழுதியிருப்பதால் இரண்டு நாள் கழித்து அதே இழையில் யாராவது பதில் எழுதினாலும் பொருள் வரி பொய் சொல்லாது. அவசரம் என்று தொடங்கும் பொருள் வரியோ ஒவ்வொரு பதிலோடும் ஒட்டிக்கொண்டு, வேலை முடிந்து நன்றி சொல்லும் மின்னஞ்சலிலும் அவசரமாகவே நிற்கும்.

நான்காம் படி: உடல் பகுதியின் சொற்கள்

பெரிய எழுத்து ஏன் கூடாது என்பதற்கு, அது கத்துவதுபோல் இருக்கும் என்ற விடையை எல்லோரும் சொல்வார்கள். 1995 அக்டோபரில் வந்த RFC 1855 என்ற இணைய நன்னடத்தை வழிகாட்டியே அதைச் சொல்லிவிட்டது. எரிதங்களை வடிகட்டும் ஸ்பேம்அசாசின் மென்பொருளில் `SUBJ_ALL_CAPS` என்று, பொருள் வரி முழுக்கப் பெரிய எழுத்தாக இருப்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு விதி உண்டு. ஆனால் ஏற்றுமதி ஆவணத் தொழிலில் இதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பிஎல்லின் வாசகங்கள் வழக்கமாகவே முழுக்கப் பெரிய எழுத்தில்தான் அச்சாகின்றன. அந்த வாசகங்களை நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களுக்குக் கேப்ஸ் லாக்கை எடுக்கவே மறந்துபோகும். அவர்கள் எழுதும் சாதாரண மின்னஞ்சலும் பெரிய எழுத்திலேயே இருக்கும். ஆகவே இந்தத் தொழிலில் பெரிய எழுத்துக்கு அவசரத்தைக் காட்டும் சக்தியே இல்லை. தினமும் வருவதுதானே என்று தள்ளிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. திருத்த மின்னஞ்சலில் பெரிய எழுத்துக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிய வேண்டிய வாசகம், உதாரணமாகப் பெறுநர் கட்டத்தில் `TO ORDER OF` என்று தொடங்கி வங்கியின் பெயரோடு முடியும் வரி, ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சுற்றியுள்ள வாக்கியங்கள் சாதாரண எழுத்தில் இருந்தால் அந்த வரி தனியாகத் தெரியும், பார்த்து நகலெடுத்துவிடுவார்கள். மின்னஞ்சல் முழுவதும் பெரிய எழுத்தாக இருந்தால், எது நம் பேச்சு, எது ஆவண வாசகம் என்ற கோடு அழிந்துவிடுகிறது. திருத்தத்தைத் திருத்தும் மின்னஞ்சல்கள் பல இப்படித்தான் பிறக்கின்றன.

தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவு கிடையாது. ஆனால் தமிழில் எழுதும்போது அதன் இடத்தை வரிசையாக நிற்கும் ஆச்சரியக்குறிகளும், சிவப்பு வண்ணத் தடித்த எழுத்தும், மிக மிக அவசரம் என்ற அடுக்கும் பிடித்துக்கொள்கின்றன. விளைவு ஒன்றுதான். இதற்கு நேர் எதிரான பழக்கமும் நம்மிடம் உண்டு: முடிந்தால் இன்று பார்க்கவும், நேரம் கிடைக்கும்போது ஒரு பதில் போடுங்கள் என்று பணிவுக்காக எழுதிவிட்டு, பதில் வராதபோது கோபப்படுவது. முடிந்தால் என்று நாம் எழுதியதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பணிவை வினைமுற்றில் வைத்துக்கொள்ளலாம்; நேரத்தில் வைக்கக் கூடாது. பகல் 1 மணிக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்பதில் பணிவும் இருக்கிறது, நேரமும் கறாராக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை போக வேண்டிய மின்னஞ்சல் இப்படி அமையலாம்:

> வணக்கம் சார்,
>
> இன்று காலை நீங்கள் அனுப்பிய பிஎல் வரைவில் பெறுநர் கட்டத்தில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இப்போது அங்கே வாங்குபவரின் பெயர் உள்ளது. எல்சியின்படி வெளியிட்ட வங்கியின் ஆணைக்கு என்று வர வேண்டும். பதிய வேண்டிய சரியான வாசகத்தைக் கீழே தனி வரியாகக் கொடுத்திருக்கிறேன். எல்சியின் அந்தப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். மற்ற கட்டங்களைச் சரிபார்த்துவிட்டோம், மாற்றம் எதுவும் இல்லை.
>
> கப்பல் நிறுவனம் புதன் 18-ம் தேதி மாலை 3 மணி வரைதான் திருத்தம் ஏற்கும். நாங்கள் பார்ப்பதற்கும் நீங்கள் பதிவேற்றுவதற்கும் நேரம் வேண்டும் என்பதால், திருத்திய வரைவைப் பகல் 1 மணிக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வந்த அரை மணி நேரத்தில் ஒப்புதல் தந்துவிடுகிறோம். இப்போதுள்ள வாசகத்தோடு மூலப் பிரதி வெளியானால் வங்கி ஆவணங்களை ஏற்காது.
>
> 1 மணிக்குள் இயலாது என்று தோன்றினால் இன்று மாலைக்குள் ஒரு வரி தெரிவியுங்கள். கூடுதல் நேரம் கிடைக்குமா என்று இன்றே கேட்டுப்பார்க்க முடியும்.

இதில் அவசரத்தைச் சுமப்பவை எவை என்று பார்த்தால், நேரமும் அதற்கான காரணமும்தான். வங்கி ஏற்காது என்பது ஒரு நிகழ்வாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள்தான் பொறுப்பு, இழப்பை உங்களிடம் வசூலிப்போம் என்ற மிரட்டல் அதில் இல்லை. மிரட்டலைப் படித்தவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளும் பதிலைத்தான் எழுதுவார். திருத்தம் அதற்குப் பிறகுதான் நடக்கும். வேலை எவ்வளவு சிறியது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே கட்டம், வாசகம் தயார், மற்றவை சரி என்று தெரிந்தால், ஐந்து நிமிட வேலைதானே என்று கையோடு முடித்துவிடுவார்கள். நீளமான வேலையோ என்ற ஐயம்தான் பல மின்னஞ்சல்களைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறது. கடைசிப் பத்தி முடியாது என்று சொல்லவும் ஒரு வழி திறந்து வைக்கிறது. இல்லையென்றால் முடியாதவர் மௌனமாக இருந்துவிடுவார். அந்த மௌனம் நமக்குப் புதன் பகலில்தான் தெரியவரும்.

பதில் வராவிட்டால் நாங்களே இப்படிச் செய்துவிடுவோம் என்று எழுதும் உத்தியும் உண்டு. உள் அலுவலகத்தில், நமக்கு அதிகாரம் உள்ள விஷயத்தில் அது நன்றாக வேலை செய்யும். மேலதிகாரியின் ஒப்புதலுக்கு எழுதும்போது, உங்கள் பதில் வராத பட்சத்தில் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறேன் என்பது ஆபத்தானது. பணம் சம்பந்தப்பட்டிருந்தால் அதை எழுதவே கூடாது. அங்கே, புதன் பகல் 12 மணிக்குத் தங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன், ஒரு சொல்லில் ஆம் அல்லது இல்லை என்றால் போதும் என்று எழுதுவது ஏற்றது.

ஐந்தாம் படி: யாருக்கு அனுப்புவது

சிவப்புக் குறி பெறுநருக்கு மட்டும் போவதில்லை, சிசியில் உள்ள எல்லோருக்கும் போகிறது. கணக்குப் பிரிவு, மெர்ச்சன்டைசர், முதலாளி என்று எட்டுப் பேரைச் சேர்த்தால், செய்ய ஒன்றுமில்லாத எட்டுப் பேருக்கு ஓர் அவசரம் போய்ச் சேர்கிறது. அவர்கள் குறியைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்வது இப்படித்தான். பெறுநர் இடத்தில் இரண்டு பேர் இருந்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிடும் வாய்ப்பும் அதிகம். வேலையைச் செய்ய வேண்டிய ஒருவருக்குக் குறியோடு ஒன்று, தகவல் தெரிய வேண்டியவர்களுக்குக் குறியில்லாமல் தனியாக ஒன்று என்று இரண்டாக அனுப்புவது கூடுதல் வேலைதான். ஆனாலும் அதுதான் சரி.

ஆறாம் படி: புதன் காலை, குறியோடு

காலை 9.30 வரை பதில் இல்லை. அதே இழையில், முதல் மின்னஞ்சல் கீழே இருக்க, அவுட்லுக்கின் `Message` பட்டியலில் உள்ள `High Importance` பொத்தானை அழுத்திவிட்டு எழுதுகிறோம். குறி வந்துவிட்டது என்பதற்காகச் சொற்கள் சூடாக வேண்டியதில்லை, சுருங்கினால் போதும்:

> வணக்கம் சார், கீழே உள்ள திருத்தத்துக்கு இன்று பகல் 1 மணி வரைதான் நேரம் இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் கட்-ஆஃப் 3 மணி. பெறுநர் கட்டம் ஒன்று மட்டுமே மாற வேண்டும். 11 மணிக்கு உங்களை அலைபேசியில் அழைக்கிறேன். அதற்குள் முடிந்துவிட்டால் ஒரு வரி போதும்.

இன்று என்ற சொல் இங்கே சரி, ஏனென்றால் இந்த மின்னஞ்சலுக்கு இன்றைக்குப் பிறகு வாழ்வில்லை. எத்தனை முறை எழுதினேன், ஏன் பதில் இல்லை என்ற கணக்கு இங்கே வேண்டாம். கீழே உள்ள இழையே அதைச் சொல்லும். 11 மணிக்கு அழைக்கிறேன் என்று எழுதியவர் 11 மணிக்கு அழைத்தாக வேண்டும். அலுவலகத்தில் அந்த நபர் விடுப்பில் இருக்கிறார் என்பது பல நேரங்களில் அந்த அழைப்பில்தான் தெரியவரும். எவ்வளவு சிவப்பாக அனுப்பியிருந்தாலும் திறக்கப்படாத இன்பாக்ஸில்தான் அது கிடந்திருக்கும்.

பணம் கேட்கும் அவசரம்

ஒரு வகை மின்னஞ்சலில் மட்டும் அவசரத்தை எந்தச் சொல்லாலும் காட்டக் கூடாது என்பேன்: வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்தப் புதிய கணக்கில் பணம் போடுங்கள் என்பது. ஏற்றுமதியாளருக்கும் வாங்குகிறவருக்கும் இடையில் ஓடும் மின்னஞ்சலுக்குள் புகுந்து, அதே இழையில், அதே தோரணையில், அவசரம் என்ற சொல்லோடு கணக்கை மாற்றி எழுதுவது மோசடிக்காரர்களின் நன்கு தெரிந்த வழி. அவசரம் அங்கே ஒரு கருவி. சரிபார்க்க நேரம் விடாமல் இருப்பதற்கே அது போடப்படுகிறது. உண்மையாகவே உங்கள் கணக்கு மாறியிருந்தால் போதிய நாள் முன்னதாக, நிதானமான மொழியில் தெரிவியுங்கள். ஏற்கெனவே தங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் அனுப்பவும் என்று நீங்களே எழுதுங்கள். அப்படி ஒரு மின்னஞ்சல் உங்களுக்கு வந்தால், அதிலுள்ள எண்ணுக்கு அழைக்காமல் பழைய எண்ணுக்கு அழையுங்கள்.

குறி மலிந்துவிட்டதா என்று பார்க்க

அவுட்லுக்கின் அனுப்பியவை கோப்புறையில் தேடல் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்தால் நீங்கள் குறியிட்டு அனுப்பியவை மட்டும் வரும்:

```
importance:high
```

ஒவ்வொன்றையும் திறந்து, இதை அவர் மறுநாள் காலை படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். ஒன்றும் ஆகியிருக்காது என்ற பதில் பாதிக்கு மேல் வந்தால், உங்கள் குறிக்கு எதிர்முனையில் மதிப்புப் போய்விட்டது என்று கொள்ளலாம். இன்னொரு அடையாளம், குறியிட்டவற்றுக்கும் இடாதவற்றுக்கும் பதில் வரும் வேகத்தில் வித்தியாசமே இல்லாமல் இருப்பது. ஜிமெயிலில் `is:important` என்று தேடினால் வருவது பெரும்பாலும் அந்தச் சேவை தானே அடையாளமிட்டவை என்பதால் இந்தச் சோதனைக்கு அது உதவாது.

மதிப்புப் போன குறியை மீட்க, கொஞ்ச காலத்துக்கு அதை அறவே விட்டுவிட்டு, பொருள் வரியில் வேலையும் நேரமும் மட்டும் எழுதி அனுப்பிப் பாருங்கள். குறிப்பிட்ட மணிக்கு அழைக்கிறேன் என்று எழுதியவற்றில் தவறாமல் அழையுங்கள். நீங்கள் எழுதும் நேரம் உண்மையானது என்று எதிர்முனைக்குத் தெரிந்தபின், குறி மிக அரிதாகவே தேவைப்படும்.

நம் நிகழ்வில் திருத்திய வரைவு புதன் 12.40-க்கு வருகிறது. ஆவணப் பிரிவு எல்சியை மறுபடி எடுத்துப் பெறுநர் கட்டத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. திருத்தும்போது பக்கத்துக் கட்டம் மாறியிருக்கக்கூடும் என்பதால் அறிவிக்கப்பட வேண்டியவர் கட்டத்தையும் பெட்டி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கிறது. 1 மணிக்கு ஒப்புதல் போகிறது. அந்தப் பதிலை அனுப்பும் முன் சிவப்புக் குறி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, பொருள் வரியின் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று சேர்க்க வேண்டும். தகவலுக்காக மட்டும் எழுதப்பட்டவர்களுக்கும் அதையே ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும்.